அப்ரைசலில் மதிப்பெண் குறைந்தால் முறையிட முடியுமா?

எல்லைச் சாலைகளை அமைக்கும் மத்திய அரசுத் துறையில் தேவ் தத் என்பவர் செயற்பொறியாளராக இருந்தார். மேற்பார்வைப் பொறியாளர் பதவிக்கு அவர் பெயர் 1994 டிசம்பரில் பரிசீலனைக்கு வந்தது. கடைசி ஐந்து ஆண்டுகளின் ரகசிய அறிக்கைகள் ஒவ்வொன்றிலும் ‘மிக நன்று’ என்ற தரம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நான்கு ஆண்டுகளில் அது இருந்தது. 1993-94ஆம் ஆண்டு அறிக்கையில் மட்டும் ‘நன்று’ என்று எழுதப்பட்டிருந்தது. அந்த ஒன்றால் அவர் விடுபட்டார், அவருக்கு இளையவர்கள் மேலே போனார்கள்.

‘நன்று’ என்று எழுதப்பட்டிருப்பதே அவருக்குத் தெரியாது. மோசமான குறிப்பு இருந்தால் மட்டும் ஊழியருக்குச் சொன்னால் போதும், நல்ல குறிப்பைச் சொல்ல வேண்டியதில்லை என்பது அன்றைய விதி. துறையும் நீதிமன்றத்தில் அதையே வாதமாக வைத்தது. 2008 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. ஒரு குறிப்பு பாதகமானதா என்பதை அதன் பெயரை வைத்துச் சொல்ல முடியாது, அதனால் என்ன விளைந்தது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ‘மிக நன்று’ தேவைப்படும் இடத்தில் ‘நன்று’ ஒருவரைத் தகுதியிழக்கச் செய்கிறதென்றால் அது அவருக்குப் பாதகமான குறிப்புதான். எனவே எந்தத் தரம் கொடுத்தாலும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும், அதை எதிர்த்து முறையிட வாய்ப்புத் தர வேண்டும், தெரிவிக்காமல் மறைப்பது அரசமைப்பின் 14ஆவது பிரிவு தரும் சமத்துவத்துக்கு எதிரானது என்று தீர்ப்பு சொன்னது.

அதே தீர்ப்பில் ஊழியர்கள் கவனிக்கத் தவறும் பகுதி ஒன்று உண்டு. உச்ச நீதிமன்றம் தேவ் தத்துக்குத் தானே ‘மிக நன்று’ என்று தரம் கொடுக்கவில்லை. அந்த அறிக்கையை அவருக்குக் கொடுங்கள், அவர் முறையிடட்டும், முறையீட்டை நியாயமாகப் பரிசீலியுங்கள், தரம் உயர்ந்தால் பதவி உயர்வை முன்தேதியிட்டுப் பரிசீலியுங்கள் என்று துறையிடமே திருப்பி அனுப்பியது. அப்ரைசல் வழக்குகளில் நீதிமன்றம் செய்வதும் செய்யாததும் இந்த உத்தரவில் அடங்கிவிடுகின்றன. அது மதிப்பெண் போடாது. மதிப்பெண் போட்ட விதம் சரியா என்று மட்டும் பார்க்கும். ஆகவே, தன் மதிப்பெண்ணை எதிர்க்க நினைக்கும் ஊழியருக்கு முக்கியமான களம் நீதிமன்றம் அல்ல. அறிக்கை கைக்கு வந்தபின் கிடைக்கும் சில நாட்களும் அப்போது அவர் எழுதும் முறையீடும்தான் அவருடைய உண்மையான களம்.

தீர்ப்பு வந்த அடுத்த ஆண்டே, 2009 மே 14ஆம் தேதி, மத்திய அரசின் பணியாளர் துறை ஓர் ஆணை பிறப்பித்தது. ரகசிய அறிக்கை என்ற பெயர் போய், ஆண்டுச் செயல்திறன் மதிப்பீட்டு அறிக்கை என்றானது. ஆங்கிலப் பெயரைச் சுருக்கி ஏ.பி.ஏ.ஆர். என்கிறார்கள். மொத்தத் தரம், நேர்மை பற்றிய குறிப்பு உட்பட முழு அறிக்கையையும் ஊழியரிடம் காட்ட வேண்டும். அவர் 15 நாட்களுக்குள் முறையிடலாம். முறையிடாவிட்டால் அறிக்கை இறுதியாகிவிடும். முறையிட்டால் உரிய அதிகாரி 30 நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். 2013இல் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு சுக்தேவ் சிங் வழக்கில் தேவ் தத் தீர்ப்பே சரியான சட்டம் என்று உறுதிசெய்தது.

இந்த உரிமை மத்திய அரசு ஊழியர்களோடு நின்றுவிடவில்லை. மாநில அரசு, பொதுத்துறை நிறுவனங்கள், சட்டத்தால் அமைந்த அமைப்புகள் ஆகியவற்றின் ஊழியர்களுக்கும் இது பொருந்தும் என்று தேவ் தத் தீர்ப்பே சொல்கிறது. ராணுவத்தை மட்டும் விலக்கியது.

5.83 என்ற எண்

மதிப்பெண் எப்படி உருவாகிறது என்று தெரியாமல் அதை எதிர்க்க முடியாது. மத்திய அரசின் படிவத்தில் மூன்று பகுதிகள் உண்டு. செய்து முடித்த வேலைக்கு 40 விழுக்காடு, தனிப்பட்ட பண்புகளுக்கு 30, செயல்திறனுக்கு 30. ஒவ்வொரு பகுதியிலும் பல தலைப்புகள் இருக்கும். ஒவ்வொரு தலைப்புக்கும் 1 முதல் 10 வரை அதிகாரி மதிப்பெண் இடுவார். பகுதியின் சராசரியை அதன் விழுக்காட்டால் பெருக்கி, மூன்றையும் கூட்டினால் மொத்தத் தரம். 8 முதல் 10 வரை ‘மிகச் சிறப்பு’. 6 முதல் 8க்குக் கீழ் வரை ‘மிக நன்று’. 4 முதல் 6க்குக் கீழ் வரை ‘நன்று’.

ஓர் உதாரணம் பார்ப்போம். சென்னையில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் ஊதிய நிலை 6இல் பணிபுரியும் ஒரு பெண் ஊழியர் என்று வைத்துக்கொள்வோம். அவர் பதவி உயர்வு இல்லாமல் பத்தாண்டுகளை முடிக்கப்போகிறார். 10, 20, 30 ஆண்டுகளில் இப்படித் தேங்கியவர்களுக்கு அடுத்த ஊதிய நிலையைத் தரும் திட்டத்தை அலுவலகங்களில் எம்.ஏ.சி.பி. என்பார்கள். ஏழாவது ஊதியக்குழுவுக்குப் பிறகு, 2016 ஜூலை முதல், இதற்கு ‘மிக நன்று’ என்ற தரம் தேவை. இவர் அடிப்படை ஊதியம் 46,200 ரூபாய் என்றால், உயர்வு கிடைத்ததும் நிலை 7இல் 47,600 ஆகும். மாதம் 1,400 ரூபாய், அதன் மேல் அகவிலைப்படி. அந்த வித்தியாசம் பணிக்காலம் முழுதும் தொடர்ந்து வரும்.

இவர் அறிக்கையில் செய்து முடித்த வேலைக்கு நான்கு தலைப்புகள். திட்டமிட்ட வேலையை முடித்ததற்கு 5, வேலையின் தரத்துக்கு 7, ஆய்ந்து பார்க்கும் திறனுக்கு 6, கூடுதல் பணிகளுக்கு 7. சராசரி 6.25. அதில் 40 விழுக்காடு 2.50. பண்புகளில் எட்டுத் தலைப்புகளின் சராசரி 5.5, அதில் 30 விழுக்காடு 1.65. செயல்திறனின் சராசரி 5.6, அதில் 30 விழுக்காடு 1.68. கூட்டினால் 5.83. ‘மிக நன்று’ என்ற கோட்டுக்கு 0.17 குறைவு. ‘கோப்புகளை உரிய காலத்தில் முடிப்பதில்லை’ என்று ஒரு வரியும் எழுதப்பட்டிருக்கிறது.

இதைப் பார்த்ததும் மனம் நொந்துபோவது இயல்பு. ‘பத்து வருஷமா உழைச்சதுக்கு இதுதானா?’ என்ற கேள்விதான் முதலில் வரும். ஆனால் அடுத்த 15 நாட்களில் அந்தக் கேள்வியால் ஒரு பயனும் இல்லை. எந்தத் தலைப்பில் உண்மைக்கு மாறாக மதிப்பெண் குறைந்திருக்கிறது, அதைக் காட்ட என்ன ஆவணம் இருக்கிறது, அந்தத் தலைப்புத் திருத்தப்பட்டால் மொத்தம் எவ்வளவு உயரும் என்ற மூன்று கேள்விகளுக்கு அவர் விடை காண வேண்டும்.

அவர் நினைவில் ஒரு விஷயம் இருக்கிறது. அந்த ஆண்டில் ஐந்து மாதம் பக்கத்துப் பிரிவில் ஆள் இல்லை. அந்தப் பிரிவின் வேலையையும் இவரே பார்க்க வேண்டும் என்று அலுவலக ஆணை வந்திருந்தது. நிலுவைக் கோப்புகள் கூடியதெல்லாம் அந்தப் பிரிவில்தான். இவருடைய சொந்தப் பிரிவின் மாதாந்திர நிலுவை அறிக்கைகளைப் பார்த்தால், ஆண்டின் தொடக்கத்தில் இருந்ததைவிட முடிவில் நிலுவை குறைந்திருக்கிறது. ஆகவே திட்டமிட்ட வேலையை முடித்ததற்கான 5 என்ற மதிப்பெண்ணுக்கு ஆவணங்கள் ஆதரவாக இல்லை.

அந்தத் தலைப்பு மட்டும் 5இலிருந்து 7 ஆனால் என்னவாகும்? முதல் பகுதியின் சராசரி 6.75 ஆகும், அதில் 40 விழுக்காடு 2.70. மொத்தம் 6.03. கோட்டைத் தாண்டிவிட்டார். அதே இரண்டு மதிப்பெண்ணைப் பண்புகள் பகுதியில் காலக்கெடு பேணும் தன்மைக்காகக் கேட்டு வாங்கியிருந்தால், எட்டுத் தலைப்புகளில் ஒன்று என்பதாலும் அந்தப் பகுதிக்கு 30 விழுக்காடே என்பதாலும், மொத்தத்தில் 0.075தான் கூடியிருக்கும். தரம் மாறியிருக்காது. ‘பொறுப்புணர்வு’, ‘அணுகுமுறை’ போன்ற தலைப்புகளில் குறைந்த மதிப்பெண் வந்தால்தான் நமக்கு அதிகம் வலிக்கும். அங்கே ஆவணம் காட்டுவதும் கடினம், வென்றாலும் பலன் சிறிது. தேதியும் எண்ணிக்கையும் உள்ள முதல் பகுதியில்தான் வாதமும் நிற்கும், மதிப்பெண்ணும் நகரும்.

பதினைந்து நாட்களில் எழுத வேண்டியது

2009ஆம் ஆண்டு ஆணையில் உள்ள ஒரு நிபந்தனையைப் பலரும் படிப்பதில்லை. மதிப்பீட்டுக்குக் காரணமாக அறிக்கையில் எழுதப்பட்ட குறிப்பிட்ட தகவல்களைப் பற்றி மட்டுமே முறையிட வேண்டும் என்று அது சொல்கிறது. அதனால் ‘என் நேர்மையை அனைவரும் அறிவர்’, ‘முந்தைய அதிகாரிகள் என்னைப் பாராட்டினார்கள்’, ‘எனக்குக் குடும்பப் பொறுப்புகள் உள்ளன’ என்று எழுதும் முறையீடுகள் எளிதாகத் தள்ளுபடியாகின்றன. உரிய அதிகாரி பதில் சொல்லியே ஆக வேண்டிய எதுவும் அந்தக் கடிதத்தில் இல்லை.

மேலே பார்த்த ஊழியரின் முறையீடு இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. அறிக்கை எந்த ஆண்டுக்கானது, எந்தத் தேதியில் தன் கைக்கு வந்தது என்று தொடங்கலாம். எந்த வரியையும் எந்த மதிப்பெண்ணையும் எதிர்க்கிறார் என்று அடுத்துச் சொல்லலாம். பிறகு கூடுதல் பொறுப்பு தந்த ஆணையின் எண்ணும் தேதியும், நிலுவை அறிக்கைகளில் உள்ள எண்ணிக்கைகளும் வரிசையாக வர வேண்டும். நகல்களை இணைக்க வேண்டும். கடைசியில் கோரிக்கை: அந்த வரியை நீக்கி, அந்தத் தலைப்பின் மதிப்பெண்ணைத் திருத்தி, மொத்தத் தரத்தை மீண்டும் கணக்கிட வேண்டும். அறிக்கை எழுதிய அதிகாரியின் குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். அவர் எழுதியது ஆவணத்தோடு பொருந்தவில்லை என்பதைக் காட்டுவதே போதுமான வாதம்.

உள்ளடக்கத்தைத் தவிர நடைமுறையிலும் குறை இருக்கலாம். குறைந்தது மூன்று மாதம் ஊழியரின் வேலையை நேரில் மேற்பார்த்த அதிகாரிதான் அறிக்கை எழுத முடியும். இடையில் மாறிவந்த அதிகாரி இரண்டு மாதம் மட்டும் பார்த்துவிட்டு ஓராண்டுக்கும் மதிப்பெண் போட்டிருந்தால் அந்த அறிக்கையின் அடித்தளமே ஆடிப்போகும். 1 அல்லது 2 மதிப்பெண் கொடுத்தால் எந்தத் தவறுக்காக என்று காரணம் எழுத வேண்டும். 9 அல்லது 10 கொடுத்தாலும் எந்தச் சாதனைக்காக என்று எழுத வேண்டும். சென்ற ஆண்டு ‘மிகச் சிறப்பு’ என்றிருந்த ஒருவர் இந்த ஆண்டு திடீரெனப் பல படி இறங்கினால் அதற்கான காரணம் கோப்பில் பதிவாகியிருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் உத்தரப் பிரதேச ஜல நிகம் வழக்கிலேயே சொல்லிவிட்டது.

இந்த முறையீட்டின் வேர் இன்னும் முன்னால், சுய மதிப்பீட்டில் இருக்கிறது. மத்திய அரசின் கால அட்டவணைப்படி ஏப்ரல் 15க்குள் ஊழியர் தன் சுய மதிப்பீட்டைக் கொடுக்க வேண்டும். பலர் சென்ற ஆண்டு எழுதியதையே நகலெடுத்து இந்த ஆண்டும் ஒப்படைக்கிறார்கள். இரண்டு பிரிவு வேலையைத் தனியாகப் பார்த்தேன் என்று அந்தப் பெண் சுய மதிப்பீட்டில் எழுதியிருந்தால், அதிகாரி அதைப் படித்துவிட்டுத்தான் மதிப்பெண் போட்டிருப்பார். எழுதாமல் விட்டிருந்தால், ‘அப்போது சொல்லாததை இப்போது ஏன் சொல்கிறீர்கள்?’ என்ற கேள்வி அவரைத் துரத்தும்.

தீர்ப்பாயத்துக்குப் போனால்

முறையீடு தள்ளுபடியானால் மத்திய அரசு ஊழியர் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இதன் அமர்வு சென்னையிலும் இருக்கிறது. விண்ணப்பக் கட்டணம் 50 ரூபாய். வழக்கறிஞர் வைக்காமல் ஊழியர் தாமே வாதாடவும் சட்டம் இடம் தருகிறது. தீர்ப்பாயத்தின் முடிவு பாதகமாக இருந்தால் உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வை அணுகலாம் என்பது 1997ஆம் ஆண்டு சந்திரகுமார் வழக்குத் தீர்ப்பிலிருந்து நிலைத்த வழி.

துறைக்குள் உள்ள வழிகளை முதலில் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பது தீர்ப்பாயத்தின் முதல் எதிர்பார்ப்பு. முறையீடே கொடுக்காமல் நேராக அங்கே போனால் வழக்கு வாசலிலேயே திரும்பிவிடும். அடுத்தது காலக்கெடு. முறையீட்டைத் தள்ளுபடி செய்த உத்தரவு வந்த நாளிலிருந்து ஓராண்டு. பதிலே வராவிட்டால் ஆறு மாதம் காத்திருந்து, அதன்பின் ஓராண்டு. இதில்தான் பல நியாயமான வழக்குகள் வீணாகின்றன. தள்ளுபடி உத்தரவு கைக்கு வந்த பிறகும் ஊழியர் நம்பிக்கையோடு நினைவூட்டல் கடிதங்களை அனுப்பிக்கொண்டே இருப்பார். அந்தக் கடிதங்கள் காலக்கெடுவை நீட்டிக்காது என்று 1989இல் ரத்தோர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தெளிவாக்கிவிட்டது. கடைசியாக அனுப்பிய கடிதத்தின் தேதியிலிருந்து கணக்குப் போடுபவர் காலம் கடந்துதான் வந்து சேர்வார்.

தீர்ப்பாயத்தில் எந்த வாதம் நிற்கும்? அறிக்கையை எனக்குக் காட்டவே இல்லை என்பது நிற்கும். மூன்று மாதம் மேற்பார்க்காதவர் எழுதினார் என்பது நிற்கும். என் முறையீட்டில் காட்டிய ஆவணங்களைத் தொடாமல் ‘பரிசீலிக்கப்பட்டது, ஏற்க இயலவில்லை’ என்று ஒற்றை வரியில் தள்ளினார்கள் என்பதும் வலுவான வாதம். காரணம் சொல்லாத உத்தரவை ரத்துசெய்து, மீண்டும் பரிசீலித்துக் காரணத்தோடு உத்தரவிடுங்கள் என்று திருப்பி அனுப்புவது வழக்கமாகக் கிடைக்கும் நிவாரணம். முறையீட்டில் தேதியும் எண்ணிக்கையும் இருந்தால்தான் அதிகாரி அவற்றைத் தொடவில்லை என்று காட்ட முடியும். பதினைந்து நாளில் எழுதிய கடிதம் தீர்ப்பாயத்தில் சாட்சியாகும் விதம் இதுதான்.

‘நான் 6க்குத் தகுதியானவன், 5 போட்டுவிட்டார்’ என்ற வாதம் மட்டும் இருந்தால் நிற்காது. ஊழியரின் வேலையை அருகிலிருந்து பார்த்தவரின் மதிப்பீட்டுக்குப் பதிலாக நீதிமன்றம் தன் மதிப்பீட்டை வைப்பதில்லை. அதிகாரிக்கு என்மேல் பகை என்ற வாதத்துக்கும் கடுமையான நிபந்தனை உண்டு. அந்த அதிகாரியைப் பெயர் சொல்லி எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும், பகைக்கான நிகழ்ச்சிகளைத் தேதியோடு நிறுவ வேண்டும். பொதுவாகக் குற்றம்சாட்டினால் அந்தப் பகுதியை நீதிமன்றம் கணக்கில் எடுக்காது.

தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு முன்பு தனி நிர்வாகத் தீர்ப்பாயம் இருந்தது. அது கலைக்கப்பட்டுவிட்டதால் இப்போது அவர்கள் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் போட வேண்டும். பொதுத்துறை வங்கி அலுவலர்களுக்கும் பொதுவாக அதுவே வழி.

ஆண்டு இன்கிரிமென்ட் வேறு

ஆண்டுதோறும் வரும் இன்கிரிமென்ட் நின்றுபோனால் அது முற்றிலும் வேறு கதை. அரசுப் பணியில் ஆண்டு இன்கிரிமென்ட், யாரும் மனமிரங்கிக் கொடுப்பதல்ல. அடிப்படை விதிகளின் 24ஆவது விதிப்படி அது இயல்பாக வழங்கப்பட வேண்டியது. நிறுத்தி வைத்தால் அது ஒரு தண்டனை. தண்டனை என்றால் குற்றச்சாட்டு, விளக்கம் கேட்பு, உத்தரவு என்ற முறை வேண்டும். தமிழ்நாடு அரசு அலுவலகங்களில் ‘17 ஏ’, ‘17 பி’ என்று பேசிக்கொள்வது இந்த நடைமுறைகளைத்தான். முன்னது சிறு தண்டனைக்கு, பின்னது முழு விசாரணையோடு கூடிய பெருந்தண்டனைக்கு.

உத்தரவில் ‘திரள் விளைவுடன்’ என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அவை இல்லாவிட்டால், தண்டனைக் காலம் முடிந்ததும் ஊதியம் பழைய பாதைக்குத் திரும்பும். அவை இருந்தால், அந்த இழப்பு ஓய்வூதியம் வரை தொடரும். அதனால்தான் திரள் விளைவுடன் இன்கிரிமென்டை நிறுத்துவது பெருந்தண்டனை, முழு விசாரணை இல்லாமல் கூடாது என்று 1990இல் குல்வந்த் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குற்றச்சாட்டுக் குறிப்பாணையே இல்லாமல் ‘வேலை திருப்தியில்லை’ என்று இன்கிரிமென்டை நிறுத்தினால், அந்த உத்தரவை விதி மீறல் என்ற அடிப்படையிலேயே எதிர்க்கலாம். உங்கள் வேலை நன்றாக இருந்ததா என்ற விவாதத்துக்குள் போகவே தேவையில்லை.

விதியைப் பற்றிய கேள்வியில் நீதிமன்றம் எவ்வளவு தூரம் வரும் என்பதற்குச் சென்னையிலிருந்தே ஒரு சான்று உண்டு. ஜூன் 30ஆம் தேதி ஓய்வுபெறுபவர் ஓராண்டு முழுதும் வேலை செய்திருப்பார். இன்கிரிமென்ட் ஜூலை 1ஆம் தேதிதான் விழும். அன்று அவர் பணியில் இல்லை என்று மறுத்துவந்தார்கள். 2017இல் அய்யம்பெருமாள் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், ஓராண்டு உழைப்புக்கான அந்த இன்கிரிமென்ட் அவருக்கு உரியதே என்றது. வேறொரு வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதே கருத்தை உறுதிசெய்தது. உழைப்பை எடைபோடச் சொல்லி யாரும் அங்கே கேட்கவில்லை. விதிக்கு என்ன பொருள் என்றுதான் கேட்டார்கள்.

தனியார் நிறுவனத்தில்

தனியார் நிறுவன ஊழியர்களுக்கு இதில் பெரும்பகுதி கிடையாது என்பதை நேராகச் சொல்லிவிட வேண்டும். 14ஆவது பிரிவு அரசையும் அரசு சார்ந்த அமைப்புகளையும் கட்டுப்படுத்தும், தனியார் முதலாளியைக் கட்டுப்படுத்தாது. ரேட்டிங் குறைந்தது, ஹைக் வரவில்லை என்று ரிட் மனு போட முடியாது. நியமனக் கடிதத்தில் ‘ஊதிய உயர்வு நிர்வாகத்தின் விருப்பத்துக்கு உட்பட்டது’ என்று ஒரு வரி அநேகமாக இருக்கும். அந்த வரி இருக்கும்வரை சென்ற ஆண்டு கிடைத்த உயர்வு இந்த ஆண்டும் கிடைக்க வேண்டும் என்று கோருவது கடினம்.

ஆனாலும் கதவு முழுவதும் மூடியிருக்கவில்லை. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனத்தில் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். நிர்வாகத் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில், மொத்தம் பத்துப் பேருக்கு மிகாமல் இருப்பார்கள். பிரச்சினை எழுந்த ஓராண்டுக்குள் விண்ணப்பிக்கலாம். குழு 30 நாளில் முடிக்க வேண்டும். முடிவில் திருப்தி இல்லையென்றால், 60 நாட்களுக்குள் தான் உறுப்பினராக உள்ள தொழிற்சங்கத்தின் வழியாகச் சமரச அலுவலரை அணுகலாம். இந்த இரண்டாவது படிக்குச் சங்கம் தேவை என்பதால், எந்தச் சங்கத்திலும் இல்லாத ஊழியர் பாதி வழியில் நின்றுவிடுகிறார்.

இது ‘தொழிலாளர்’ என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கு மட்டுமே. நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கும் மேற்பார்வையாளர்களும் வெளியே நிற்பார்கள். ஆனால் பதவிப் பெயரில் ‘மேனேஜர்’ என்று இருப்பதாலேயே ஒருவர் வெளியே போய்விடுவதில்லை. அவர் உண்மையில் செய்யும் வேலை என்ன, விடுப்பை அனுமதிக்கவோ ஆளை நியமிக்கவோ அவருக்கு அதிகாரம் உண்டா என்று பார்த்தே முடிவாகும். தொழில்நுட்ப வேலை செய்யும் மென்பொருள் ஊழியர் தொழிலாளரே என்று வாதிட இடமிருக்கிறது.

வரையறைக்கு வெளியே உள்ளவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘எனக்கு 4 கொடுத்திருக்க வேண்டும், 3 கொடுத்தார்கள்’ என்பது சட்டத்தின் கைக்கு எட்டாத கோரிக்கை. ‘இலக்கை 100 விழுக்காடு எட்டினால் இவ்வளவு தொகை என்று எழுதிக் கொடுத்தார்கள், எட்டினேன், தரவில்லை’ என்பது ஒப்பந்தப்படி வர வேண்டிய பணம். அதைக் கேட்டு வாங்கச் சட்டத்தில் வழி உண்டு. ஆகவே இலக்குகளை மேலாளர் வாய்மொழியாகச் சொன்னால், அன்றே அதை மின்னஞ்சலில் எழுதி அவருக்கே அனுப்பிவைப்பது ஆண்டு முடிவில் பெரும் துணையாகும்.

ரேட்டிங்குக்குப் பின்னால் சட்டவிரோதக் காரணம் இருந்தால் நிலைமை மாறும். மகப்பேறு விடுப்பில் இருந்த மாதங்களைக் காட்டி ஒரு பெண்ணின் பணி நிபந்தனைகளை அவருக்குப் பாதகமாக மாற்றக் கூடாது என்று மகப்பேறு நலச் சட்டம் வெகுகாலமாகவே தடுத்துவந்திருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றிய 2013ஆம் ஆண்டு விதிகளில் இன்னும் நேரடியான பாதுகாப்பு இருக்கிறது. புகார் கொடுத்த பெண் எழுத்துப்பூர்வமாகக் கேட்டால், புகாருக்கு ஆளானவர் அவருடைய வேலையை மதிப்பிட்டு அறிக்கை எழுதாமல் தடுத்து, அந்தப் பொறுப்பை வேறொருவருக்கு மாற்றும்படி விசாரணைக் குழு பரிந்துரைக்கலாம். இது தனியார் நிறுவனங்களுக்கும் பொருந்தும். புகார் கொடுத்த ஆண்டிலேயே ரேட்டிங் சரிந்த பெண்கள் இந்த விதியை அறிந்திருப்பது மிக அவசியம். ரேட்டிங் வந்தபிறகு போராடுவதைவிட, அதை எழுதும் கையை முன்கூட்டியே மாற்றச் சொல்வது எளிது.

அரசாக இருந்தாலும் தனியாராக இருந்தாலும் தன் உழைப்புக்குத் தானே கணக்கு வைத்திராத ஊழியரைச் சட்டத்தால் பெரிதாகக் காப்பாற்ற முடிவதில்லை. கூடுதல் பொறுப்பு தந்த ஆணை, முடித்த வேலைகளின் பட்டியல், தாமதத்துக்கு யார் காரணம் என்று காட்டும் கடிதங்கள் ஆகியவற்றை வரும்போதே ஒரு கோப்பில் சேர்த்துவையுங்கள். அலுவலகத்தின் ரகசியத் தரவுகளைத் தனிப்பட்ட மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட வேண்டாம், அதுவே ஒழுங்கு நடவடிக்கைக்கு இடம் கொடுக்கும். ஆணையின் எண்ணையும் தேதியையும் குறித்துவைத்தால் போதும், தேவைப்படும்போது நகலை முறைப்படி கேட்டு வாங்கலாம். அறிக்கை கைக்கு வரும் நாளில், அல்லது திரையில் திறக்கும் நாளில், அந்தத் தேதியை முதலில் எழுதிவையுங்கள். பதினைந்து நாள் அன்றிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும்.